264 மெசேஜ், ஒரு கேள்வி

போன மாதம் எங்கள் தரம் 11 பெற்றோர் வட்ஸ்அப் குரூப்பில் நடந்த சண்டை ஊரில் பலருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷொட் போகாத இடமில்லை. சண்டை பரவிய அளவுக்கு அது முடிந்த விதம் பரவவில்லை. கடைசியில் நாங்கள் போட்ட மெசேஜை வேறு இரண்டு வகுப்புகளின் எட்மின்மார் கேட்டு வாங்கினார்கள். மெசேஜை மட்டும் கொடுத்தால் போதாது, அதற்கு முன்னால் இரண்டு நாள் வேலை இருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. குரூப்பில் உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம். யாருடைய பெயரும் இதில் இல்லை.

'நாங்கள்' என்பது வகுப்புக்குப் பொறுப்பான இரண்டு ஆசிரியர்கள். குரூப்பின் எட்மின்களும் நாங்கள்தான்.

விசயம் சின்னது. ஓய்வு பெற்ற கணித சேர் ஒருவர், பரீட்சை வரை வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். காசு வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் மட்டும் அடித்துத் தந்தால் போதும் என்றார். எங்கள் வகுப்பில் 38 பிள்ளைகள், 21 மாணவிகளும் 17 மாணவர்களும். தவணைப் பரீட்சையில் கணிதத்தில் 35க்குக் கீழே எடுத்தவர்கள் பாதிக்கு மேல். சேருக்கு இன்னொரு பாடசாலையும் அழைப்புக் கொடுத்திருந்தது. வியாழக்கிழமைக்குள் எங்கள் முடிவைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அங்கே போய்விடுவார்.

சனிக்கிழமை இரவு 8.40க்கு ஒரு தந்தை குரூப்பில் போட்டார்: 'சேர் இஷாவுக்குப் பிறகு வாறார், எல்லாரும் புள்ளைகள அனுப்புங்க.' நல்ல மனதோடு போட்டதுதான். அடுத்த மெசேஜ் ஒரு தாயிடமிருந்து: 'இரவு ஒம்பதரைக்கு பொம்புளப் புள்ளைகள் எப்படி வீட்ட வாற?' அதற்கு ஒருவர், 'பின்னேரம் எங்கட புள்ளைகளுக்கு ரியூஷன் இருக்கே.' அதற்குப் பிறகு, 'உங்கட மகன் மட்டும் பாஸ் பண்ணினாப் போதுமா?' பிறகு வொய்ஸ். பிறகு, 'போன வருசம் டூர் காசுக்கு என்ன நடந்தது?' பிறகு ஒருவர் குரூப்பை விட்டுப் போனார். இன்னொருவர் ஒரு சிரிப்பு இமோஜி போட்டார். அதற்காக மற்றவரும் போனார். 12.10க்கு கடைசி மெசேஜ். எண்ணிப் பார்த்தால் 264, அதில் 31 வொய்ஸ்.

அந்த இரவு நாங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது பொறுமை அல்ல, உள்ளதைச் சொல்கிறோம்: எங்களில் ஒருவர் தூங்கிவிட்டார், மற்றவர் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். அழித்ததே நல்லதாகப் போயிற்று. ஞாயிறு விடிய, குரூப் செட்டிங்கில் எட்மின்கள் மட்டும் மெசேஜ் அனுப்பலாம் என்று மாற்றிவிட்டு ஒரே வரி போட்டோம்: 'வகுப்பு நேரம் பற்றி எல்லா வீடுகளிடமும் கேட்டுவிட்டு, திங்கள் இரவு இஷாவுக்குப் பிறகு இங்கே எழுதுகிறோம். அதுவரை குரூப் மூடியிருக்கும்.' எப்போது திறக்கும் என்று நேரம் சொல்லாமல் மூடினால், வாயை அடைத்துவிட்டார்கள் என்றுதான் ஆட்கள் எடுப்பார்கள். ஒருமுறை அந்தப் பிழையை விட்டிருக்கிறோம்.

பிறகு 264ஐயும் முதலிலிருந்து வாசித்தோம். இதில் குறுக்கு வழி இல்லை. கடைசி ஐம்பதை மட்டும் பார்த்தால் கோபம் மட்டும்தான் தெரியும், கோபத்துக்கு முன்னால் சொன்ன காரணம் மேலே எங்கோ கிடக்கும். 31 வொய்ஸையும் கேட்டோம். வொய்ஸ் அனுப்புகிறவர்களில் பலர் எழுதச் சிரமப்படுகிறவர்கள். அவற்றை விட்டால் அந்த வீடுகளின் கதையே விடுபட்டுவிடும்.

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நான்கு கோடு கீறினோம். என்ன கேட்கிறார், ஏன் கேட்கிறார், நாங்கள் விசாரிக்க வேண்டியது என்ன, வெறும் கோபம் எது. பெயர் எழுதவில்லை. பெயர் இருந்தால் 'இவர் எப்பவும் இப்படித்தானே' என்ற எண்ணம் எங்களுக்கே வந்துவிடும். நான்காவது பத்திதான் வேகமாக நிறைந்தது. ஆனால் அதில் போட்ட ஒவ்வொன்றையும் திரும்பப் பார்த்தால், அதற்குள் இரண்டாம் பத்திக்குரிய ஒன்று ஒளிந்திருந்தது. 'உங்கட மகன் மட்டும் பாஸ் பண்ணினாப் போதுமா' என்பதை முதலில் கோபத்தில்தான் போட்டோம். பிறகு யோசித்தோம்: இந்தத் தாய் எதற்காக இதைச் சொன்னார்? இரவு வகுப்பு என்றால் அவருடைய மகள் வர முடியாது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அவளுக்குக் கிடைக்காது. அதை எடுத்து 'ஏன்' என்ற பத்தியில் எழுதினோம்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது மெசேஜை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினோம். 264 மெசேஜும் 12 பேருடையவை. அந்த 12 பேரும் 10 வீட்டுக்காரர்கள். மற்ற 28 வீடுகள் ஒரு எழுத்தும் போடவில்லை. ஒரே ஆள் 61 மெசேஜ். ஊர் முழுக்க இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று முதல் நாள் இரவு நினைத்தோம். பிரிந்திருந்தது பத்து வீடு. 28 வீடுகளுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றும் தெரிந்தது. 'ஆம்புளப் புள்ளைகளின் பெற்றோர் ஒரு பக்கம், பொம்புளப் புள்ளைகளின் பெற்றோர் ஒரு பக்கம்' என்று நாங்களே பேசிக்கொண்டிருந்தோம். கொப்பியைப் பார்த்தால், மகன்மாருடைய வீடுகளில் இரண்டு பகல் நேரம்தான் வேண்டும் என்று எழுதியிருந்தன. மகளுடைய வீடு ஒன்று இரவுதான் வசதி என்றது, வீடு பாடசாலைக்கு அடுத்த ஒழுங்கையாம். நாங்கள் அந்தப் பெயரை மெசேஜில் எழுதியிருந்தால், இல்லாத இரண்டு கட்சிகளை நாங்களே உண்டாக்கியிருப்போம். அன்றிலிருந்து பகல், இரவு என்று நேரத்தின் பெயரைத்தான் சொன்னோம். யாருடைய பெற்றோர் என்று சொல்லவில்லை.

மூன்றாம் பத்தி விசாரிக்க வேண்டியது. அங்கேதான் சண்டையில் பாதி கரைந்தது. முதல் கோல் சேருக்கு. 'சேர், நீங்க இஷாவுக்குப் பிறகு வாறதாகச் சொன்னீங்களாம்.' அவர் சொன்னார்: 'இல்லையே. பகல் வசதிப்படாட்டி இஷாவுக்குப் பிறகும் வரலாம் எண்டுதான் சொன்னேன்.'

'பிறகும்' என்பது 'பிறகு' ஆகிவிட்டது. ஒரு 'உம்' விழுந்ததற்கு 264 மெசேஜ். தமிழ் படிப்பிக்கும்போது எச்ச உம்மைக்கு இனி வேறு உதாரணம் தேடத் தேவையில்லை.

சேருக்கு முடிந்த நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டோம். திங்கள், புதன் பின்னேரம் 2.15 முதல் 3.45 வரை. அல்லது ஞாயிறு, புதன் இரவு 7.45 முதல் 9.15 வரை. சனி, ஞாயிறு காலையில் முடியாது. அடுத்தது அதிபர். பின்னேரம் வகுப்பறை தரலாம், இரவில் பாடசாலைக் கட்டடத்தைத் தர அவரால் முடியாது. ஆகவே இரவென்றால் குர்ஆன் மத்ரஸா மண்டபம். அதன் பொறுப்பாளரிடம் கேட்டோம், தருவதாகச் சொன்னார். அடுத்தது வேன் ஓட்டுனர். எங்கள் பிள்ளைகளில் 17 பேர் அவருடைய வேனில் வருகிறவர்கள். 'பத்துப் பிள்ளை இருந்தால் 3.50க்கு இன்னொரு ட்ரிப் வாறேன், ஒரு ஆளுக்கு 150 ரூபா.' ரியூஷன் வகுப்பின் நேர அட்டவணையையும் பார்த்தோம். பின்னேர வகுப்பு செவ்வாய், வியாழன், சனி. திங்களில் ஒரு குழுவுக்கு மட்டும் வகுப்பு, அதில் எங்கள் பிள்ளைகள் நான்கு பேர். 'பின்னேரம் முழுக்க ரியூஷன்' என்று குரூப்பில் ஒன்பது தடவை எழுதப்பட்டிருந்தது. ஒருவரும் எந்த நாள் என்று கேட்கவில்லை. நாங்களும்தான்.

ஞாயிறு பின்னேரமும் திங்களும் பேசாத 28 வீடுகளுக்கும் கோல் எடுத்தோம். 25 வீடுகள் கிடைத்தன. எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்வி: பகலில் முடியுமா, இரவில் முடியுமா, முடியாவிட்டால் என்ன தடை. எது விருப்பம் என்று கேட்கவில்லை. விருப்பத்தைக் கேட்டால் எங்கள் குரலிலிருந்து எங்கள் விருப்பத்தைக் கண்டுபிடித்து அதையே திருப்பிச் சொல்வார்கள். ஆசிரியருக்கு முன்னால் எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான்.

ஒரு தாய் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 'சேர், இரவெண்டா என்ட மகள் வரமாட்டா. அதை குரூப்புல எழுதினா ஏன் எண்டு கேப்பாங்க. வீட்டுல ஆளில்லை எண்டு அம்பது பேருக்கு முன்னால நான் எழுதணுமா?' கணவர் வெளிநாட்டில். மகள் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 28 புள்ளி. இப்படி இரவில் கூட்டிவர ஆளில்லாத வீடுகள் ஒன்றிரண்டல்ல. கிடைத்த 35 வீடுகளில் 15 வீடுகள், அதாவது 13 மாணவிகள், 2 மாணவர்கள், இரவில் வர முடியாது என்றன. அந்த 15இல் குரூப்பில் எழுதியவை நான்கு மட்டும். நாங்கள் மெசேஜ்களை மட்டும் சுருக்கியிருந்தால் 'சிலர் ஆட்சேபித்தனர்' என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

திங்கள் அஸருக்குப் பிறகு முதல் வரைவை எழுதினோம். அது நன்றாக இருக்கவில்லை. ஒரு வரியைக் காட்டுகிறோம்: 'இரவு வகுப்பைச் சில பெற்றோர் பிடிவாதமாக எதிர்க்கின்றனர், மற்றவர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு அதை ஆதரிக்கின்றனர்.' எழுதும்போது நடுநிலையாக எழுதுகிறோம் என்றே நினைத்தோம். 'பிடிவாதமாக' என்பது எங்கள் களைப்பு. 'எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு' என்பதில், மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டையும் வெட்டினோம். 'எதிர்ப்பு', 'ஆதரவு', 'மீண்டும் மீண்டும்', 'புரியாமல்' என்ற சொற்களையும் தேடித் தேடி வெட்டினோம். அந்த இடங்களில் எண்ணிக்கையையும் தடையையும் மட்டும் வைத்தோம்.

பிறகு, போடுவதற்கு முன்னால் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினோம். இரவு வேண்டும் என்றவர்களில் அதிகம் கோபப்பட்டவர் ஒருவர், பகல் வேண்டும் என்றவர்களில் அதிகம் கோபப்பட்டவர் ஒருவர். சம்மதமா என்று கேட்கவில்லை. 'உங்கட பக்கம் இதுல சரியா வந்திருக்கா?' என்று மட்டும் கேட்டோம். இரவு வேண்டும் என்ற தந்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'சேர், நான் சொன்னது ரியூஷனுக்காக மட்டுமில்ல. ஒண்டரைக்கு ஸ்கூல் விட்டு, பசியோட, அந்த வெக்கையில புள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது. அதை ஒரு ஆளும் எடுக்கல்ல' என்றார். கொப்பியைத் திரும்பப் பார்த்தோம். அவருடைய இரண்டாவது வொய்ஸில் அது இருந்தது. நாங்கள்தான் விட்டிருந்தோம். சேர்த்தோம். பகல் கேட்ட தாய் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். 'கூட்டிவர ஆண் இல்லாத வீடுகள்' என்று எழுதியிருந்தோம். 'ஆள் இல்லாத வீடுகள் எண்டு போடுங்க சேர், அது போதும்.'

திங்கள் இரவு 8.15க்குப் போட்ட மெசேஜ் இது. சொல்லுக்குச் சொல் அப்படியே தருகிறோம்.

'அஸ்ஸலாமு அலைக்கும். கணித வகுப்பு எந்த நேரம் என்று முடிவெடுக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அ அல்லது ஆ, எது என்று புதன்கிழமை மஃரிபுக்கு முன் எங்களில் ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

அ: திங்கள், புதன் பின்னேரம் 2.15 முதல் 3.45 வரை, பாடசாலையில். இதில் உள்ள சிரமம்: திங்கள் ரியூஷனுக்குப் போகும் 4 பிள்ளைகள் அதை மாற்ற வேண்டிவரும். பிள்ளைகள் களைத்துப் போயிருப்பார்கள்; சாப்பாடு கட்டிக்கொண்டு வரவேண்டும். வேனில் போகிறவர்களுக்கு வாரத்துக்கு 300 ரூபா மேலதிகம்.

ஆ: ஞாயிறு, புதன் இரவு 7.45 முதல் 9.15 வரை, மத்ரஸா மண்டபத்தில். இதில் உள்ள சிரமம்: கூட்டிவர ஆள் இல்லாததால் அல்லது தூரத்தால் 15 பிள்ளைகள் வர முடியாது என்று வீட்டார் சொல்லியுள்ளார்கள். வேன் இல்லை.

சேர் எந்த நேரத்தையும் முடிவாகச் சொல்லவில்லை. இரண்டுக்கும் சம்மதம் என்கிறார். சனி, ஞாயிறு காலை பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள், சேருக்கு முடியாது. ஆண், பெண் பிள்ளைகளுக்கு வேறு வேறு நாளில் வைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சேரால் வாரத்தில் இரண்டு நாள்தான் வர முடியும், அப்படிப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள்தான் கிடைக்கும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பதில். கூடுதலான வீடுகள் சொல்வதை அதிபரிடம் கொடுப்போம், அதுவே முடிவு. பதில் வராத வீடுகள் எந்த முடிவுக்கும் சம்மதம் என்று எடுப்போம். புதன் இரவு முடிவை இங்கே போட்டு, வியாழன் காலை சேருக்குச் சொல்வோம். இதில் ஏதும் பிழையாக இருந்தால் எங்களுக்குக் கோல் எடுங்கள், திருத்துகிறோம்.'

இவ்வளவுதான். சில விசயங்களை ஏன் அப்படி வைத்தோம் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வியை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் வட்ஸ்அப்தான். மெசேஜ் நீண்டால் பாதியை மடித்துவிட்டு, மேலும் வாசிக்க என்று ஒரு சொல்லைத்தான் காட்டும். அதை எல்லோரும் தொடமாட்டார்கள். நடந்ததையெல்லாம் மேலே எழுதி, கேள்வியைக் கீழே வைத்தால், வாசித்தவர்கள் நடந்ததைப் பற்றித்தான் பதில் எழுதுவார்கள். 'சனி இரவு நடந்த கருத்து முரண்பாடு தொடர்பாக' என்று தொடங்கினால், சனி இரவு மறுபடி தொடங்கும். எங்கள் மெசேஜில் சண்டை நடந்தது என்றே ஒரு சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இரண்டு சிரமங்களும் ஒரே கனமில்லை. 'ஆ'வை வேண்டுமென்றே மோசமாகக் காட்டிவிட்டீர்கள் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் காட்டவில்லை, எண்ணிக்கை அப்படி இருந்தது. சமமாகத் தெரியவேண்டும் என்பதற்காக 15ஐ 'சில பிள்ளைகள்' என்று எழுதினால், அந்தப் பதினைந்து வீட்டுக்கும் செய்யும் அநியாயம் அது. ஆனால் அதே அளவுக்கு 'அ'வின் சிரமத்தையும் குறைக்காமல் எழுதவேண்டும். பசியும் வெக்கையும் சேராமல் போட்டிருந்தால் அவர் சொன்ன குற்றம் எங்கள் மேல் சரியாக இருந்திருக்கும்.

விழுந்துபோன யோசனைகளையும் காரணத்தோடு எழுதியது இன்னொரு விசயம். சனிக்கிழமைக் காலை என்று மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த மூன்று பேரும் 'ஏன் சனி இல்லை' என்று எழுதுவார்கள், குரூப் திறந்த அடுத்த நிமிடமே பழைய இடம்தான். யாரோ தன்னுடைய யோசனையைக் கேட்டார்கள், பார்த்தார்கள், முடியவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள்.

குரூப்பிலேயே வோட் போட்டிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். வட்ஸ்அப் வோட்டில் யார் எதற்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கணவர் வெளிநாட்டில் உள்ள அந்தத் தாய், பக்கத்து வீட்டாருக்கு முன்னால் எதைத் தொடுவார்? ஒரு வீட்டில் வாப்பாவும் உம்மாவும் இருவரும் குரூப்பில் இருந்தால் இரண்டு வோட்டும் விழும். அதோடு, ஒன்றுக்கு மேல் தெரிவு செய்யலாம் என்ற பொத்தானை அணைக்க மறந்தால் இரண்டையும் தொட்டுவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். டூருக்கு எந்த நிறத்தில் டீசேர்ட் என்பதற்கு வோட் நல்லது. தனியாகப் பதில் எடுப்பதில் நம்பிக்கைப் பிரச்சினை உண்டு என்பதும் சரிதான். அதனால் பெயர்ப் பட்டியலை நாங்கள் இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டோம். தன் வீட்டுப் பதில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று எந்தப் பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்றோம். மூன்று பேர் வந்து பார்த்தார்கள்.

டூர் காசு விசயம் மெசேஜில் இல்லை. சிரிப்பு இமோஜிக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒருவர் எங்களிடம் வற்புறுத்தினார், அதுவும் இல்லை. இரண்டும் பொய்யான பிரச்சினைகள் அல்ல. ஆனால் வியாழனுக்குள் தீரவேண்டியது வகுப்பு நேரம். டூர் காசுக் கணக்கை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வைப்பதாகச் சம்பந்தப்பட்டவருக்குக் கோல் எடுத்துச் சொன்னோம், வைத்தோம். இமோஜிக்காரரிடம் எங்களில் ஒருவர் பள்ளி வாசலில் தனியாகக் கதைத்தார். அவர் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பிழை ஒன்றும் விட்டோம். குரூப்பை விட்டுப் போன இரண்டு பேருக்கு மெசேஜ் போகாது என்பது, குரூப்பில் போட்டுவிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அரை மணித்தியாலம் கழித்துத் தனித்தனியாக அனுப்பினோம். அதற்குள் ஒருவருக்கு வேறு யாரோ ஸ்க்ரீன்ஷொட் அனுப்பி, 'உங்கள விட்டுட்டு முடிவெடுக்கிறாங்க' என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும்.

மெசேஜைக் குரூப்பின் மேலே பின் பண்ணி வைத்தோம். ஏழு நாளைக்கு அப்படி வைக்கலாம். செவ்வாய் பின்னேரம் வரை 19 பதில். அன்று இரவு, 'இன்னும் 19 வீடுகளின் பதில் வரவேண்டும், நாளை மஃரிபுடன் முடிகிறது' என்று ஒரு வரி மட்டும் போட்டோம். இடையில் நிலவரம் என்ன, எது கூட என்று கேட்டார்கள், சொல்லவில்லை. புதன் மஃரிபுக்கு 34 பதில் இருந்தன. அ 26, ஆ 8. எண்ணிக்கையைப் போட்டு, குரூப்பைத் திறந்துவிட்டோம். திறந்ததும் வந்த முதல் மெசேஜ், 'சாப்பாட்டுக்கு கன்டீன் திறந்திருக்குமா?'

இரவு வேண்டும் என்று வாதாடிய அந்தத் தந்தையின் பதில் 'ஆ'தான். முடிவு வந்த பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. முதல் திங்கள் 2.05க்கு இரண்டு மேசை விசிறியைத் த்ரீவீலில் கொண்டுவந்து வகுப்பறையில் வைத்துவிட்டு, 'பரீட்சை முடிஞ்சா நான் எடுத்துட்டுப் போவேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரூப்பை விட்டுப் போனவர்களில் ஒருவர் 'அ' என்று ஒரே எழுத்தை அனுப்பினார், சலாமும் இல்லாமல். மற்றவர் பதிலே அனுப்பவில்லை. இரண்டு பேருமே இன்றுவரை குரூப்பில் இல்லை. பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். வீட்டாருக்குரிய அறிவித்தல்களை அவர்களுக்குத் தனியாக அனுப்புகிறோம்.

ரியூஷன் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் வேறு குழுவுக்கு மாறினார்கள். நான்காவது பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. திங்கள் கணிதம் அவனுக்கு இல்லை, புதன் மட்டும் வருகிறான். அவனுக்கு இந்த முடிவு நட்டம்தான், அதை மெசேஜில் எழுதித்தான் முடிவெடுத்தோம். இப்போது செவ்வாய் காலை அசெம்பிளிக்கு முன்னால், 28 எடுத்திருந்த அந்தப் பிள்ளையின் கொப்பியை வாங்கி, திங்கள் கணக்குகளைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். அவளுடைய எழுத்து கொஞ்சம் சிறியது. பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறோம்.